3,70,000 வர வேண்டிய இடத்தில் 3,43,736: சீட்டு பாஸ்புக்கை எப்படிச் சரிபார்ப்பது?

*குடியாத்தத்தில் நானும் வீட்டுக்காரரும் கைலி வியாபாரம் செய்கிறோம். பதிவு பெற்ற கம்பெனி ஒன்றில் 5 லட்ச ரூபாய் ஏலச்சீட்டு கட்டுகிறேன். 25 பேர், 25 மாதம், மாதம் 20,000. ஒன்பதாவது மாதம் 1,30,000 தள்ளிச் சீட்டை எடுத்தேன். கைக்கு 3,70,000 வரும் என்று இருந்தேன், பேங்கில் 3,43,736தான் ஏறியிருக்கிறது. 5 சதவீதக் கமிஷனை இரண்டாவது தடவை பிடித்துவிட்டார்களா? இப்போது பத்தாவது தவணையைக் கட்டச் சொல்லி வசூல்காரர் வேறு போன் செய்கிறார். பாஸ்புக், ரசீது எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன்.*
*— ச., குடியாத்தம்*

வணக்கம் அம்மா. கமிஷனை இரண்டு முறை பிடிக்கவில்லை. ஆனால் நீங்கள் அனுப்பிய படங்களின்படி உங்களுக்கு 4,784 ரூபாய் திரும்பி வர வேண்டும். பத்தாவது தவணையையும் நீங்கள் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, அதை மறுபடி கொடுக்காதீர்கள். எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்று வரிசையாகச் சொல்கிறேன். கம்பெனி ஆபீசுக்குப் போய்ப் பேசப் போவது நீங்கள்தான், கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும்.

முதலில் கமிஷன். ஏலத்தில் நீங்கள் விட்டுக்கொடுத்த 1,30,000க்கு உள்ளேயேதான் கம்பெனியின் கமிஷன் இருக்கிறது. 1982ஆம் வருட சீட்டு நிதிச் சட்டம் இந்தத் தள்ளுத் தொகையைச் சீட்டு நடத்தும் செலவுக்கும் உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதற்கும் என்று ஒதுக்கும் பணமாகத்தான் சொல்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் கமிஷன் 5 சதவீதம், அதாவது 5 லட்சத்துக்கு 25,000. 1,30,000இல் 25,000 கம்பெனிக்குப் போனால் மீதி 1,05,000. அதை 25 பேருக்கும் சமமாகப் பிரித்தால் தலைக்கு 4,200. இதுதான் அந்த மாத டிவிடெண்ட், நம் ஊரில் பலர் கசர் என்று சொல்வது. ஏற்கெனவே சீட்டு எடுத்தவர்களும் அந்த 25 பேரில் அடக்கம். இனி உங்களுக்கும் சீட்டு முடிகிற வரை மாதா மாதம் வரும்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் கம்பெனி உண்மையில் எவ்வளவு கமிஷன் எடுத்தது என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம். பாஸ்புக்கில் இருக்கும் டிவிடெண்டை 25ஆல் பெருக்குங்கள், வருவதைத் தள்ளுத் தொகையிலிருந்து கழியுங்கள். 4,200ஐ 25ஆல் பெருக்கினால் 1,05,000, கழித்தால் 25,000. சரியாக இருக்கிறது. யாருக்காவது இதே தள்ளுக்கு 3,800 மட்டும் டிவிடெண்ட் போட்டிருந்தால், அங்கே 35,000 கமிஷன் போயிருக்கிறது, அதாவது 7 சதவீதம். 2019இல் சட்டத்தைத் திருத்தி உச்ச வரம்பை 5லிருந்து 7 சதவீதமாக உயர்த்தினார்கள், ஆகவே 7 சதவீதம் என்பதே தப்பில்லை. ஆனால் உங்கள் சீட்டின் ஒப்பந்தத்தில் 5 என்று எழுதியிருந்தால் 5தான். வரம்பு உயர்ந்துவிட்டது என்று நடுவில் கூட்டிக்கொள்ள முடியாது. உங்கள் பாஸ்புக்கில் டிவிடெண்ட் பதிந்திருக்கும் எல்லா மாதங்களையும் இப்படிப் போட்டுப் பார்த்தேன், எல்லாவற்றிலும் 25,000தான் வருகிறது.

மூன்றாவது மாதத்திலிருந்து டிவிடெண்டுகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள். ஒன்பதாவது தவணைக்கு எதிரே 4,400 என்று இருக்கிறதே, 4,200 அல்லவா இருக்க வேண்டும் என்பது உங்கள் சந்தேகம் என்று புரிகிறது. அங்கே தப்பு இல்லை. உங்கள் கம்பெனி ஒரு மாத ஏலத்தின் டிவிடெண்டை அடுத்த மாதத் தவணையில் கழிக்கிறது. எட்டாவது மாத ஏலத்தில் 1,35,000 தள்ளினார்கள், அதன் 4,400தான் ஒன்பதாவது வரிசையில் நிற்கிறது. உங்கள் ஏலத்தின் 4,200 பத்தாவது வரிசையில் வரும். சில கம்பெனிகள் ஏலம் முடிந்ததும் அதே மாதத்திலேயே கழித்துவிடும். எது நடக்கிறது என்று தெரிந்துகொள்ள முதல் மூன்று வரிசையைப் பார்த்தால் போதும். உங்களுடையதில் முதல் மாதச் சீட்டைக் கம்பெனியே தள்ளில்லாமல் எடுத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் சட்டம் அதை அனுமதிக்கிறது. அதனால் முதல் இரண்டு தவணையும் முழு 20,000. இரண்டாவது மாத ஏலத்தில் 1,50,000 தள்ளு, அதன் 5,000 மூன்றாவது தவணையில் கழிந்து 15,000 ஆகியிருக்கிறது. ஒரு வரிசை தள்ளிப் படிக்க வேண்டிய பாஸ்புக் இது. இதைத் தெரிந்துகொள்ளாமல் பார்த்தால் சரியான கணக்குகூட எல்லா மாதமும் தப்பாகத் தெரியும்.

சரி, இப்போது தவணைகள். ரசீதுகளை எடுத்துத் தேதி வரிசையில் அடுக்கிக்கொள்ளுங்கள். ஒன்பது தவணைக்கு முழுத் தொகை 1,80,000. மூன்றாவது முதல் ஒன்பதாவது வரை ஏழு தவணையில் உங்களுக்கு வர வேண்டிய டிவிடெண்டுகள் 5,000, 5,000, 4,800, 4,700, 4,600, 4,500, 4,400. கூட்டினால் 33,000. ஆகவே ஒன்பது மாதத்தில் நீங்கள் கட்டியிருக்க வேண்டியது 1,47,000. உங்கள் ரசீதுகளைக் கூட்டினேன், சரியாக 1,47,000 வருகிறது. ஆனால் பாஸ்புக்கில் நிலுவை 4,600 என்று நிற்கிறது. ரசீதில் குறையில்லை, பாஸ்புக்கில் நிலுவை இருக்கிறது என்றால், விடுபட்டிருப்பது டிவிடெண்ட் வரவுதான். எந்த மாதம் என்று தேடுவதும் சுலபம், நிலுவைத் தொகையே சொல்லிவிடுகிறது. 4,600 என்பது ஆறாவது ஏலத்தின் டிவிடெண்ட், ஏழாவது தவணையில் கழிய வேண்டியது.

ஏழாவது வரிசையைப் பாருங்கள். கட்ட வேண்டியது 20,000, கட்டியது 15,400, நிலுவை 4,600. டிவிடெண்ட் கட்டம் காலி. ரசீது 12ஆம் தேதி போட்டிருக்கிறது. ஆனால் உங்கள் போனில் இருக்கும் ஜிபே பதிவில் பணம் போன தேதி 10, ஞாயிற்றுக்கிழமை. உங்கள் சீட்டுக்குக் கடைசி நாளும் 10தான். கவுன்ட்டரில் இருந்தவர் அதைச் செவ்வாய்க்கிழமை பதிந்து, பதிந்த தேதியையே ரசீதில் போட்டிருக்கிறார். தாமதம் என்று எடுத்துக்கொண்டு டிவிடெண்டை நிறுத்தியிருக்கிறார்கள்.

நான் வேலூரில் பார்க்கும் சீட்டுக் கணக்குகளில் அதிகம் வரும் கோளாறு இதுதான். கையில் பணம் கொடுத்த காலத்தில் கொடுத்த நாளும் ரசீது நாளும் ஒன்றாக இருந்தது. இப்போது பணம் ஒரு நாள் போகிறது, ரசீது இன்னொரு நாள் வருகிறது. கடைசி நாள் ஞாயிறோ பண்டிகையோ ஆகிவிட்டால் இடைவெளி இன்னும் கூடுகிறது. நடுவில் ஏமாற்று எண்ணம் இல்லாமலேயே டிவிடெண்ட் போய்விடும். நீங்கள் கட்டிய தேதிக்கு ஆதாரம் ஜிபேயில் வரும் யுபிஐ பரிவர்த்தனை எண்ணும் உங்கள் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் அந்த நாளுக்குரிய வரியும். இரண்டையும் பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள். போன் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, ஸ்டேட்மென்ட்டில் பேங்க் முத்திரை வாங்கிவிடுங்கள்.

இதில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். தாமதமாகக் கட்டினால் டிவிடெண்ட் கிடையாது என்ற நிபந்தனை உங்கள் ஒப்பந்தத்தில் யாருக்குப் பொருந்துகிறது? பல ஒப்பந்தங்களில் அது சீட்டு எடுத்துவிட்டவர்களுக்கு மட்டும்தான் இருக்கும். எடுக்காதவர் தாமதித்தால் வட்டி போடுவார்களே தவிர டிவிடெண்டை நிறுத்த மாட்டார்கள். ஏழாவது மாதத்தில் நீங்கள் சீட்டு எடுக்காதவர். ஒப்பந்தத்தின் அந்தப் பக்கம் நீங்கள் அனுப்பிய படங்களில் இல்லை, வீட்டில் இருக்கும் நகலை எடுத்துப் படித்துவிடுங்கள். நகல் தரவே இல்லை என்றால் கேட்டு வாங்குங்கள், ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒப்பந்த நகல் கொடுப்பது சட்டப்படி கம்பெனியின் கடமை. அந்த நிபந்தனை எப்படி இருந்தாலும் நீங்கள் 10ஆம் தேதியே கட்டிவிட்டதால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. எடுக்காதவருக்கு அது பொருந்தாது என்று எழுதியிருந்தால் பேச்சே இல்லை.

இனி 3,70,000இல் குறைந்த அந்த 26,264 எங்கே போனது என்று பார்ப்போம். கம்பெனி கொடுத்த பட்டுவாடாச் சீட்டில் வெறும் “பிடித்தம் 26,264” என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறார்கள். 5 சதவீதத்துக்குப் பக்கத்தில் அது வருவதால்தான் உங்களுக்குக் கமிஷன் சந்தேகம் வந்திருக்கிறது, அது இயல்புதான். நீங்கள் அனுப்பியதில் லெட்ஜர் நகல் ஒன்றும் இருந்தது நல்லதாகப் போயிற்று. அதில் ஐந்து வரிகள் தனித்தனியாக இருக்கின்றன.

முதல் வரி ஜிஎஸ்டி, 4,500. கம்பெனி உங்களுக்குச் செய்யும் சேவை சீட்டு நடத்துவது, அதற்குக் கூலி கமிஷன். வரி அந்தக் கமிஷனுக்கு மட்டும்தான், 5 லட்சத்துக்கும் இல்லை, 1,30,000க்கும் இல்லை. 2022 ஜூலை 18 முதல் விகிதம் 18 சதவீதம், அதற்கு முன் 12. 25,000க்கு 18 சதவீதம் 4,500, சரி. இதை யார் தலையில் போடுவது என்பதில்தான் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபாடு. சில இடத்தில் சீட்டு எடுப்பவரிடம் மொத்தமாகப் பிடிப்பார்கள், சில இடத்தில் 25 பேரிடமும் மாதா மாதம் 180 ரூபாய் தவணையோடு சேர்த்து வாங்குவார்கள். இரண்டில் எதுவோ ஒன்றுதான் இருக்க வேண்டும். மாதம் 180ம் வாங்கி, எடுக்கும்போது 4,500ம் பிடித்தால் ஒரே வரியை இரண்டு முறை வாங்குகிறார்கள் என்று பொருள். உங்கள் ரசீதுகளில் 180 கூடுதலாக எங்கும் இல்லை, எனவே இந்த வரியில் சிக்கல் இல்லை.

இரண்டாவது ஜாமீன் பத்திரங்களுக்கான ஆவணச் செலவு 1,180, அதாவது 1,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டி 180ம். தொகை சின்னது, ஆனாலும் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு பில் கேளுங்கள்.

மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்துதான் உங்கள் 4,784. நிலுவை என்று 4,600, அதற்கு இரண்டு மாத வட்டி என்று மாதம் 2 சதவீத வீதம் 184. இல்லாத நிலுவையை முதலில் பாஸ்புக்கில் உண்டாக்கி, அதைச் சீட்டுப் பணத்தில் பிடித்து, வட்டியும் போட்டிருக்கிறார்கள். ஏழாவது வரிசையில் டிவிடெண்ட் வரவு வைத்துவிட்டால் இந்த இரண்டு வரியும் தானாகவே விழுந்துவிடும்.

ஐந்தாவது வரி 15,800. இதுதான் பத்தாவது தவணை. 20,000இல் உங்கள் ஏலத்தின் டிவிடெண்ட் 4,200 போக 15,800. ஜாமீன் கையெழுத்தெல்லாம் முடிந்து பணம் வருவதற்குள் பத்தாவது தவணை நெருங்கிவிட்டதால் அதையும் கழித்துக்கொண்டு அனுப்பியிருக்கிறார்கள். கழித்தது தப்பில்லை. ஆனால் பாஸ்புக்கில் பத்தாவது வரிசை காலியாக இருக்கிறது, ரசீதும் போடவில்லை. லெட்ஜரில் உங்கள் பணத்தில் பிடித்தம் காட்டியவர்கள் தவணைக் கணக்கில் அதை வரவு வைக்கவில்லை. வசூலுக்கு வருபவர் கையில் இருக்கும் பட்டியல் தவணைக் கணக்கிலிருந்து எடுத்தது. அதனால்தான் அவர் போன் செய்கிறார். அவரைக் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை, அவருக்கு விஷயம் தெரிந்திருக்காது.

ஐந்தையும் கூட்டிப் பாருங்கள்: 4,500, 1,180, 4,600, 184, 15,800. மொத்தம் 26,264. 3,70,000இல் கழித்தால் 3,43,736. பேங்கில் ஏறியதும் அதுதான், ஆக ஒளித்த பிடித்தம் எதுவும் இல்லை. கமிஷனை உண்மையாகவே இரண்டாவது முறை பிடித்திருந்தால் இந்த வரிகளோடு 25,000 என்று இன்னொரு வரி இருந்திருக்கும், உங்கள் கையில் 3,18,736 வந்திருக்கும். அப்படி நடப்பதும் உண்டு. குறிப்பாக, சீட்டு எடுத்தவர் தள்ளுத் தொகையும் கமிஷனும் வேறு வேறு என்று நம்பிக்கொண்டிருக்கும்போது யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆற்காட்டிலோ ஆம்பூரிலோ வேறு யாராவது இதைப் படித்துவிட்டு தங்கள் பட்டுவாடாச் சீட்டில் “கமிஷன்” என்று தனி வரி பார்த்தால், அதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

பத்தாவது வரிசையை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 15,800 ரூபாய் பெரிதுதான், ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் நீங்கள் இப்போது சீட்டு எடுத்தவர் என்பது. எடுக்காதவர் ஒரு தவணை தவறினால் பெரும்பாலும் வட்டியோடு போகும். எடுத்தவர் தவறினால், நோட்டீஸ் கொடுத்து மீதித் தவணைகள் அத்தனையையும் ஒரே நேரத்தில் கேட்கக் கம்பெனிக்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது. உங்களுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கும் அந்த நோட்டீஸ் போகும். கட்டிய தவணை கட்டாததாகப் புத்தகத்தில் நிற்பதை ஒரு நாள்கூட விட்டுவைக்காதீர்கள். இந்த மாதத் தவணைக்குரிய கடைசி நாள் வருவதற்கு முன் அந்த வரிசையில் தேதியும் ரசீது எண்ணும் முத்திரையும் விழுந்துவிட வேண்டும்.

எப்படிக் கேட்பது? கவுன்ட்டரில் வாயால் சொன்னால் “பார்க்கிறோம்மா” என்று முடிந்துவிடும். கிளை மேலாளர் பேருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். சீட்டுக் குழு எண்ணும் உங்கள் டிக்கெட் எண்ணும் மேலே இருக்கட்டும். கடிதத்தில் மூன்று விஷயம் போதும். ஏழாவது தவணைக்கு 10ஆம் தேதியே பணம் செலுத்தியிருப்பதால் டிவிடெண்ட் 4,600ஐ வரவு வைத்து, பிடித்த 4,600ஐயும் வட்டி 184ஐயும் திருப்பித் தர வேண்டும் என்பது ஒன்று. சீட்டுப் பணத்தில் பிடித்த 15,800க்குப் பத்தாவது தவணை ரசீது தந்து பாஸ்புக்கில் பதிய வேண்டும் என்பது இன்னொன்று. பிடித்தங்களைத் தனித்தனி வரியாகக் காட்டி, ஜிஎஸ்டி பில்லோடு கணக்கு விவரம் வேண்டும் என்பது மூன்றாவது. பேங்க் ஸ்டேட்மென்ட் நகலையும் லெட்ஜர் நகலையும் இணையுங்கள். உங்களிடம் இருக்கும் நகலில் “பெற்றுக்கொண்டேன்” என்று தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

நீங்கள் கையெழுத்துப் போட்ட வவுச்சரில் 3,70,000 பெற்றுக்கொண்டதாக இருக்கிறது. அதைக் காட்டி முழுப் பணமும் வாங்கிவிட்டீர்களே என்பார்கள். பேங்கில் ஏறியது 3,43,736 என்பதும், மீதி என்னென்ன வரி என்பதும் அவர்களுடைய லெட்ஜரிலேயே இருக்கிறது, அதைக் காட்டுங்கள். பாஸ்புக்கைத் திருத்துவதற்கு என்று வாங்கிவைத்துக்கொள்ள வந்தால், எல்லாப் பக்கத்தையும் நகல் எடுத்த பிறகே கொடுங்கள். பழைய வரியை அடித்துவிட்டு மேலேயே எழுதாமல், திருத்த வரவு என்று புது வரியாகப் பதியச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும், ஏனென்றால் தப்பு அவர்கள் புத்தகத்திலேயே தெரிகிறது. அசைந்து கொடுக்கவில்லை என்றால் பதிவுத்துறைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு ஏலத்துக்கும் நடவடிக்கைக் குறிப்பு எழுதி அதன் நகலைச் சீட்டுப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டியது கம்பெனியின் கடமை. தள்ளுத் தொகையும் டிவிடெண்டும் அதில் இருக்கும், சான்றிட்ட நகலுக்கு நீங்கள் விண்ணப்பிக்கலாம். வேலூர் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்தால் உங்கள் சீட்டு எந்தப் பதிவாளரிடம் பதிவாகியிருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தாலும் குடியாத்தம் வேலூரோடுதான் இருக்கிறது. சீட்டுத் தகராறுக்கு சிவில் கோர்ட்டுக்குப் போக முடியாது, சட்டத்தின் 64ஆவது பிரிவின்படி பதிவாளர் முன்புதான் நடுவர் விசாரணை. மூன்று வருடத்துக்குள் மனுப் போட வேண்டும், உங்களுக்கு நேரம் தாராளமாக இருக்கிறது. ஆனால் கடிதத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள், அந்தப் பத்தாவது வரிசைக்காக.

இனி உங்களுக்கு மீதி இருப்பது பதினொன்றிலிருந்து இருபத்தைந்து வரை பதினைந்து தவணை. ஒவ்வொரு மாதமும் முந்தின ஏலத்தின் தள்ளுத் தொகையைக் கேட்டு, 25,000 கழித்து, 25ஆல் வகுத்துப் பாருங்கள். வருவதை 20,000இல் கழித்து அந்தத் தொகையை மட்டும் கட்டுங்கள். கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பாகவே ஜிபே செய்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைப் பிரச்சினை வராது. கடைசி மாதங்களில் எடுக்க ஆட்கள் குறைந்துகொண்டே போவதால் தள்ளு இறங்கும், டிவிடெண்டும் இறங்கும், நீங்கள் கட்டுவது 20,000ஐ நெருங்கும். அது தப்பில்லை, அப்போது பயந்துவிடாதீர்கள்.